வாடிக்கையாளருக்கு ஒரு விர்ச்சுவல் கணக்கு எண்: வரவு தானாகவே பில்லில் போய் உட்காருமா?

தேன்மொழி_வரவு (இழையைத் தொடங்கியவர்)

மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றில் வரவுக் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கடனில் வாங்கும் வாடிக்கையாளர்கள் அறுநூற்றுச் சொச்சம் பேர், எல்லாருமே நிறுவனங்கள். எல்லாருடைய பணமும் ஒரே நடப்புக் கணக்கில் வந்து விழுகிறது. ஸ்டேட்மென்டில் அனுப்பியவர் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும், நரேஷனில் "PAYMENT" என்று மட்டும் இருக்கும். யார் அனுப்பினார்கள், எந்தப் பில்லுக்கு என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் காலை முழுக்கத் தொலைபேசியில் இருக்கிறார்கள்.

வங்கிக்காரர்கள் வந்து, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி விர்ச்சுவல் கணக்கு எண் தருகிறோம், வரவு தானாகவே பில்லோடு பொருந்திவிடும் என்கிறார்கள். எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, உண்மையிலேயே பில் வரைக்கும் பொருந்துமா, இல்லை வாடிக்கையாளர் வரைக்கும்தானா? இரண்டு, வாடிக்கையாளருக்கு ஒரு எண்ணா, பில்லுக்கு ஒரு எண்ணா? பில்லுக்கு ஒன்று கொடுத்தால் சந்தேகத்துக்கே இடமில்லை என்று எங்கள் மேலாளர் சொல்கிறார்.

---

மலையமான்

கண்ணை மூடிக்கொண்டு எடுங்க மேடம். எங்க கம்பெனியில போட்டு ரொம்ப நாளாச்சு. பணம் வந்த உடனே வங்கி நம்ம சர்வருக்குத் தகவல் அனுப்பும், கணக்கு எண்ணைப் பார்த்து வாடிக்கையாளர் லெட்ஜர்ல வரவு வச்சிடும். ஆள் தலையிடவே வேண்டாம். பழைய பில்லுல இருந்து வரிசையாக் கழிச்சுக்கிட்டே போயிடும். எல்லாம் ஆட்டோமேட்டிக்.

ஒண்ணு மட்டும் பார்த்துக்கோங்க. ஒவ்வொரு விர்ச்சுவல் கணக்குலயும் இருக்கிற பணத்தை ராத்திரி மெயின் கணக்குக்கு மாத்தணும், அதுக்கு வங்கிகிட்ட ஏற்பாடு கேளுங்க.

---

பழைய_லெட்ஜர்

மலையமான் சொன்னதில் பாதி சரி, பாதியில் ஆபத்து இருக்கிறது. கடைசியில் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். தேன்மொழிக்கு வங்கி சொல்லியிருப்பது வசூலுக்கான விர்ச்சுவல் எண் என்றால், அந்த எண்ணில் பணம் தங்குவதே கிடையாது. அது பெயருக்குத்தான் கணக்கு. வாடிக்கையாளர் அந்த எண்ணுக்கு அனுப்பியதும் வங்கி எண்ணின் முன்பகுதியைப் பார்த்து, இது இன்ன நிறுவனத்துடையது என்று தெரிந்துகொண்டு, நேராக உங்கள் நடப்புக் கணக்கில் வரவு வைத்துவிடும். எந்த எண்ணுக்கு வந்தது என்ற குறிப்பு மட்டும் கூடவே வரும். இரவில் மாற்ற வேண்டிய பணம் என்று எதுவும் இருக்காது. மலையமான் வைத்திருப்பது ஒவ்வொரு எண்ணுக்கும் நிழல் லெட்ஜர் வைத்து இருப்புக் காட்டும் வேறு சேவையாக இருக்கலாம். அதுவும் உண்டு, ஆனால் அது பெரிய குழுமங்கள் உள்ளுக்குள் பணத்தைப் பிரித்துப் பார்க்க எடுப்பது.

இப்போது கேள்விக்கு வருவோம். விர்ச்சுவல் எண் "யார் அனுப்பியது" என்பதற்குப் பதில் சொல்லும். "எதற்காக அனுப்பியது" என்பதற்குச் சொல்லாது. உங்கள் இரண்டு பேரும் காலையில் செலவிடும் நேரத்தில் எவ்வளவு யாரென்று தேடுவதில் போகிறது, எவ்வளவு எந்தப் பில் என்று தேடுவதில் போகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். முதல் பகுதி போயேவிடும். இரண்டாவது பகுதியை உங்கள் மென்பொருளின் விதிகள்தான் தீர்க்க வேண்டும். வங்கிக்கு அங்கே வேலை இல்லை.

பில்லுக்கு ஒரு எண் என்ற யோசனையைக் கைவிடுங்கள். தனிமனிதர்கள் ஒரு முறை கட்டும் கட்டணத்துக்கு அது அருமையாக வேலை செய்யும். நிறுவனங்கள் அப்படிப் பணம் அனுப்புவதில்லை. அவர்களின் சப்ளையர் பதிவில் உங்கள் பெயருக்கு நேராக ஒரு வங்கிக் கணக்கு இருக்கும். அதை மாற்ற ஒருவர் கோரிக்கை போட வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும், சில வங்கிகளில் புதிதாகச் சேர்த்த பெறுநருக்குக் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் அனுப்பவே முடியும். ஒவ்வொரு பில்லுக்கும் இதைச் செய் என்றால் அவர்கள் செய்யமாட்டார்கள். போன மாத எண்ணுக்கே இந்த மாதப் பணமும் வரும். அதோடு நான்கு பில்லைச் சேர்த்து ஒரே தொகையாக அனுப்புகிறவர் எந்த எண்ணுக்கு அனுப்புவார்?

---

தனிவழி

எனக்கும் இது தேவைப்படுகிறது. நான் தனியாளாக வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வடிவமைப்பு வேலை செய்கிறேன். அவர்கள் நாட்டுக் கணக்கு எண் ஒன்று என் பெயரில் இருந்தால் அனுப்புவது சுலபம் என்கிறார்கள். இதுதானே அது? எந்த வங்கியில் கேட்பது?

---

பழைய_லெட்ஜர்

பெயர் ஒன்றுதான், பொருள் வேறு. நீங்கள் கேட்பது, இன்னொரு நாட்டின் எண்ணில் பணம் வாங்கி உங்கள் ஊர்க் கணக்கில் சேர்த்துத் தரும் சேவை. அதில் எண்ணைப் பெறுவது நீங்கள், பணமும் உங்களுக்கு. இங்கே பேசுவது, விற்கிற நிறுவனம் தன்னிடம் வாங்குகிறவர்களுக்கு எண்ணைக் கொடுப்பது. எண் வாடிக்கையாளருக்கு, பணம் நிறுவனத்துக்கு. தனி இழை தொடங்குங்கள், அதற்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

---

நிரல்கோடன்

பில் பொருத்துவது பெரிய விஷயமே இல்லை. வாடிக்கையாளர் யார் என்று தெரிந்துவிட்டால், அவருடைய நிலுவைப் பில்களில் எந்தெந்தச் சேர்க்கை வந்த தொகைக்குச் சமம் என்று கணினி தேடிவிடும். அதில் கிடைக்காவிட்டால், தொகைக்கு அருகில் உள்ள பில்லை எடுத்து அரை சதவீதம் வரை வித்தியாசத்தை வங்கிக் கட்டணம் என்று தள்ளிவிடலாம். நாங்கள் ஒரு வாடிக்கையாளருக்கு இப்படித்தான் எழுதிக் கொடுத்தோம்.

---

பழைய_லெட்ஜர்

நீங்கள் சொன்ன வரிசையில் ஓடினால் பரவாயில்லை. பல மென்பொருள்களில் தலைகீழாக ஓடும். ஒற்றைப் பில்லோடு பொருத்திப் பார்ப்பது முதலில், சகிப்பு வரம்பும் அதனோடேயே சேர்ந்திருக்கும், சேர்க்கை தேடுவது அதற்குப் பிறகு. என்ன ஆகும் என்று ஓர் எடுத்துக்காட்டாகவே போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு வாடிக்கையாளருக்கு ஐந்து பில் நிலுவை. தேதி வரிசையில்:

1181: 48,000
1190: 1,12,500
1204: 36,750
1207: 90,000
1211: 27,400

இதில் 1190-இல் சரக்கு சேதம் என்று வாடிக்கையாளர் புகார் எழுப்பியிருக்கிறார். விற்பனைப் பிரிவுக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது, கணக்குப் பிரிவுக்கு அது தெரியாது. இப்போது அவருடைய விர்ச்சுவல் எண்ணில் 1,12,150 வருகிறது.

மலையமான் முறைப்படி பழைய பில்லிலிருந்து கழித்தால் 1181 முழுதாகத் தீரும், மீதி 64,150 போய் 1190-இல் பாதிவரவாக உட்காரும், 48,350 நிலுவை நிற்கும். ஒற்றைப் பில் சகிப்பு முறைப்படி பார்த்தால் 1190-க்கு 350 மட்டும் குறைவு, அதாவது சுமார் 0.31 சதவீதம். அரை சதவீத வரம்புக்குள் வருகிறது. கணினி மகிழ்ச்சியோடு 1190-ஐ மூடி, 350-ஐ வங்கிக் கட்டணத்தில் எழுதிவிடும்.

உண்மை என்ன? 48,000 + 36,750 + 27,400. சரியாக 1,12,150. தகராறில் இருக்கும் 1190-ஐ விட்டுவிட்டு 1181, 1204, 1211 மூன்றுக்கும் பைசா குறையாமல் கட்டியிருக்கிறார். இந்த ஐந்து பில்களில் வெற்றுச் சேர்க்கையை விட்டால் 31 சேர்க்கைகள், அவற்றில் இந்தத் தொகைக்கு வருவது இது ஒன்றுதான்.

தவறாகப் பொருத்தினால் வரும் கேடு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். கட்டிவிட்ட மூன்று பில்லுக்கு நினைவூட்டல் கடிதம் போகும். கட்டாத, புகாரில் உள்ள பில் மூடியிருப்பதால் அந்தப் புகாரை யாரும் தேடமாட்டார்கள். வாடிக்கையாளரின் மொத்த நிலுவை வெறும் 350 வித்தியாசத்தோடு சரியாகவே தெரியும், அதனால் மாத முடிவுச் சரிபார்ப்பில் மாட்டாது. பில்வாரியாக அவருடைய அறிக்கையோடு ஒப்பிட்டால்தான் மாட்டும். பொருந்தாத வரவைக் கண்டால் யாராவது விசாரிப்பார்கள். தவறாகப் பொருந்தியதை யார் விசாரிப்பார்கள்?

---

தேன்மொழி_வரவு

நீங்கள் சொன்ன 1190 போன்ற பில் எங்களிடம் எப்போதும் சில இருக்கும். அப்படியென்றால் விதிகளின் வரிசை எப்படி இருக்க வேண்டும்?

---

பழைய_லெட்ஜர்

முதலில் வாடிக்கையாளரே சொன்னது. நரேஷனிலோ கட்டண விவர மின்னஞ்சலிலோ பில் எண் இருந்தால் அதற்கு மேல் ஊகிக்க ஒன்றுமில்லை. அடுத்து, ஒற்றைப் பில்லுக்குத் துல்லியமான பொருத்தம். பிறகு சேர்க்கையில் துல்லியமான பொருத்தம், ஆனால் ஒரே ஒரு சேர்க்கைதான் கிடைக்கிறது என்றால் மட்டும். இரண்டு கிடைத்தால் ஆளிடம் போக வேண்டும். சகிப்பு வரம்பு எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் சதவீதமாக இல்லாமல், வங்கிக் கட்டணம் உண்மையில் எவ்வளவு வருமோ அந்த அளவுக்குச் சிறிய நிலையான தொகையாக.

நிரல்கோடனுக்கு ஒரு வார்த்தை. சேர்க்கை தேடுவது ஐந்து பில்லுக்கு அழகாக இருக்கும். இருபது பில் நிலுவை என்றால் பத்து லட்சத்துக்கு மேல் சேர்க்கைகள். கணினிக்கு அது கஷ்டமில்லை. ஆனால் அத்தனையில் தற்செயலாக அதே தொகைக்கு வரும் சேர்க்கைகள் முளைத்துவிடும். மாத வாடகை, பராமரிப்பு ஒப்பந்தம் மாதிரி எல்லாப் பில்லும் ஒரே தொகை என்றால் தேடுவதற்கே பொருளில்லை.

வரிப் பிடித்தம் உள்ள இடங்களில் இன்னொரு சிக்கல். பணம் கொடுப்பவர் சட்டப்படி ஒரு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார். அதைச் சகிப்பு வரம்பில் அடக்க முயலாதீர்கள். வாடிக்கையாளர் பதிவிலேயே பிடித்தம் உண்டா, எத்தனை சதவீதம், வரிக்கு முந்தைய தொகையிலா மொத்தத்திலா என்று குறித்துவைத்து, ஒவ்வொரு பில்லுக்கும் "கைக்கு வர வேண்டிய தொகை" என்று தனியாகக் கணக்கிட்டு அதோடு பொருத்துங்கள். பிடித்தம் போன பகுதி சான்றிதழ் வரும்வரை வேறு கணக்கில் நிற்கட்டும்.

---

நிரல்கோடன்

சேர்க்கை ஒன்றுக்கு மேல் கிடைத்தால் நிறுத்த வேண்டும் என்பதை ஏற்கிறேன். எங்கள் நிரல் முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறது, திருத்திவிடலாம். ஆனால் சகிப்பு வரம்பை நிலையான தொகையாக வைத்தால், நாடு கடந்து வரும் பணத்தில் இடைநிலை வங்கிகள் பிடிப்பது ஒவ்வொரு முறையும் வேறுபடுகிறதே? அங்கே சதவீதமும் சரிவராது, நிலையான தொகையும் சரிவராது என்பது என் கருத்து.

---

பழைய_லெட்ஜர்

உண்மைதான். அவற்றை நான் தனி வரிசையில் போட்டு ஆளையே பார்க்கச் சொல்வேன். அதைவிட நல்ல வழி இருந்தால் யாராவது சொல்லலாம்.

---

குமுதா_ஆர்

எங்க கதையைச் சொல்றேன், கேள்விக்கு நேரா சம்பந்தம் இருக்கான்னு தெரியல. எங்க பெரிய வாடிக்கையாளர் ஒருத்தர்கிட்ட மூணு துணை நிறுவனம். நாங்க மூணுக்கும் தனித்தனி பில், தனித்தனி லெட்ஜர், அதனால மூணு விர்ச்சுவல் எண் கொடுத்தோம். ஆனா பணம் கொடுக்கிறது அவங்க தலைமை அலுவலகத்துல ஒரே பிரிவு. அவங்க சிஸ்டத்துல எங்க பேருக்கு ஒரே ஒரு பதிவு, ஒரே வங்கிக் கணக்கு. மூணுல முதல்ல வந்த எண்ணை ஏத்திட்டாங்க. இப்போ மூணு கம்பெனிப் பணமும் ஒரே லெட்ஜர்ல வந்து விழுது. ஒண்ணுல எக்கச்சக்கமா முன்பணம் நிக்குது, மத்த ரெண்டுல பாக்கின்னு சிஸ்டம் சரக்கு அனுப்புறதையே நிறுத்திடுச்சு. கடன் வரம்பு தாண்டிடுச்சாம்! பணம் எங்ககிட்டதான் இருக்கு.

---

பழைய_லெட்ஜர்

சம்பந்தம் இல்லாமலா அம்மா, எண்ணை வடிவமைக்கும்போதே முடிவெடுக்க வேண்டியது இது. எண்ணைச் சரக்கு வாங்குகிறவருக்குக் கொடுக்கக் கூடாது, பணம் கொடுக்கிறவருக்குக் கொடுக்க வேண்டும். பல மென்பொருள்களில் சரக்குப் பெறுபவர், பில் பெறுபவர், பணம் செலுத்துபவர் என்று மூன்று பாத்திரங்கள் தனியாக இருக்கும். விர்ச்சுவல் எண்ணை மூன்றாவதோடு கட்டுங்கள். அந்த ஒரு எண்ணில் வரும் பணத்துக்கு மூன்று துணை நிறுவனங்களின் நிலுவைப் பில்களையும் ஒரே குவியலாக வைத்துத் தேடச் சொல்லுங்கள். கடன் வரம்பைக் குழுமத்துக்கு மொத்தமாகப் பார்க்க முடியுமா என்பது உங்கள் நிர்வாகத்தின் முடிவு.

---

குமுதா_ஆர்

ஆனா மூணும் சட்டப்படி தனித்தனி கம்பெனி. ஒரு கம்பெனிக்காக இன்னொண்ணு கொடுத்த பணத்தை நாங்க பாட்டுக்குக் கழிச்சா எங்க ஆடிட்டர் கேள்வி கேக்கிறாரு.

---

பழைய_லெட்ஜர்

கேட்க வேண்டிய கேள்விதான். யாருக்காக யார் செலுத்துவார்கள் என்று அந்தக் குழுமத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். அது இல்லாமல் கழிக்க வேண்டாம்.

---

மலையமான்

சரி, வரிசையாக் கழிக்கிறது எங்களுக்கு ஏன் ஒத்து வருதுன்னு இப்போ புரியுது. எங்க வாடிக்கையாளர்கள் நடப்புக் கணக்கு மாதிரிதான் பழகுறாங்க, பில்வாரியாப் பார்க்கிறதே இல்ல, மொத்தப் பாக்கி எவ்வளவுன்னுதான் கேப்பாங்க. தகராறு வந்தா கிரெடிட் நோட் போட்டுடுவோம். அந்த மாதிரி வியாபாரத்துக்குப் பழசுல இருந்து கழிக்கிறது தப்பில்லன்னு இப்பவும் சொல்றேன்.

தேன்மொழி மேடம், எண்ணை எப்படி அமைக்கிறதுன்னும் கேட்டு வச்சுக்கோங்க. எங்களுக்கு வங்கி முன்பகுதியைக் கொடுத்துட்டு, பின்னாடி என்ன வேணா போட்டுக்கோங்கன்னு விட்டுட்டாங்க. நாங்க வாடிக்கையாளர் கோடையே போட்டோம்.

---

நிரல்கோடன்

அந்த இடத்தில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேர்த்தீர்களா? வெறும் வாடிக்கையாளர் கோடு என்றால் யாராவது இரண்டு இலக்கத்தை மாற்றித் தட்டினால் பணம் வேறொரு வாடிக்கையாளர் பெயரில் போய் உட்காரும். உங்கள் கணக்கில்தான் வருகிறது என்பதால் வங்கிக்கும் அது தவறாகத் தெரியாது.

IBAN உள்ள நாடுகளில் எண்ணிலேயே இரண்டு சரிபார்ப்பு இலக்கங்கள் உண்டு, 97-ஆல் வகுத்துப் பார்ப்பார்கள், அதனால் இந்தக் கவலை குறைவு. மற்ற இடங்களில் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். கடன் அட்டைகளில் இருக்கும் லூன் முறையே போதும்:

```python
def check_digit(code):
    total = 0
    for i, ch in enumerate(reversed(code)):
        d = int(ch)
        if i % 2 == 0:
            d *= 2
            if d > 9:
                d -= 9
        total += d
    return (10 - total % 10) % 10
```

004217 என்ற வாடிக்கையாளருக்கு 6 வரும். அதாவது முன்பகுதிக்குப் பின்னால் 0042176. கட்டுகிறவர் 0042716 என்று தட்டினால், 004271-க்கு வர வேண்டிய இலக்கம் 3, இருப்பது 6, ஆகவே எண் செல்லாது. ஒற்றை இலக்கத் தவறு எல்லாவற்றையும் இது பிடிக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவதில் 09, 90 ஆக மாறுவதை மட்டும் (எதிர்த்திசையிலும்) தவறவிடும்.

---

பழைய_லெட்ஜர்

நல்ல பதிவு. இதோடு இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் போய்விட்டாலும் அவருடைய எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள், பழையவர் எப்போதோ ஒரு பாக்கியை அனுப்புவார். இன்னொன்று, எண் செல்லாது என்று கண்டுபிடிப்பது யார் என்று வங்கியிடம் கேளுங்கள். கோடன் சொல்லும் இலக்கத்தை வங்கி பார்க்காவிட்டால், பணம் வந்து சேர்ந்த பிறகு உங்களுக்குத் தெரிவதோடு சரி.

பொதுவாக மூன்று விதம். முன்பகுதி சரியாக இருந்தால் எதையும் ஏற்பது ஒன்று. நீங்கள் கொடுத்த பட்டியலில் எண் இருந்தால் மட்டும் ஏற்பது ஒன்று. ஒவ்வொரு வரவுக்கும் உங்கள் சர்வரைக் கேட்டு, நீங்கள் சரி என்றால் ஏற்பது ஒன்று. மூன்றாவதில் தொகையையும் சேர்த்துச் சரிபார்க்கலாம், பில் தொகைக்கு ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்பார்கள். விற்பனையாளர் அதைத்தான் பெருமையாகக் காட்டுவார். எடுக்காதீர்கள். நிறுவனங்கள் குறைத்தும் சேர்த்தும்தான் அனுப்புவார்கள், வந்த பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி கேட்கப் போவீர்களா? வாடிக்கையாளர் யார் என்பதைச் சரிபாருங்கள், தொகையைச் சரிபார்க்காதீர்கள்.

சர்வரைக் கேட்கும் முறை என்றால், உங்கள் சர்வர் பதில் சொல்லாத நேரத்தில் வங்கி என்ன செய்யும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். ஏற்குமா, திருப்புமா? மாதக் கடைசி நாளில் சர்வர் விழுந்து வரவெல்லாம் திரும்பிப் போனால் வாடிக்கையாளர்களைச் சமாதானப்படுத்துவது உங்கள் வேலையாகிவிடும்.

---

தேன்மொழி_வரவு

எங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவை நம்பி மூன்றாவதுக்குப் போகமாட்டேன். பட்டியல் முறைதான். புது வாடிக்கையாளர் சேர்ந்த அன்றே பட்டியல் வங்கிக்குப் போக வேண்டும், இல்லையா? முதல் பணமே திரும்பிப் போனால் அசிங்கம்.

இன்னொரு கேள்வி. வங்கி உடனடித் தகவல் தரும் என்கிறார்கள், அதை வைத்தே லெட்ஜரில் பதியலாமா? நாள் இறுதி ஸ்டேட்மென்ட் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

---

நிரல்கோடன்

பதியலாம், ஆனால் ஒரே தகவல் இரண்டு முறை வரும் என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும். வங்கி அனுப்பியதற்கு நம் சர்வர் நேரத்தில் பதில் சொல்லாவிட்டால் அது மறுபடி அனுப்பும். நாம் முதல் முறையே பதிந்திருப்போம், பதில்தான் போய்ச் சேர்ந்திருக்காது. பரிவர்த்தனைக் குறிப்பு எண், தேதி, தொகை, விர்ச்சுவல் எண் நான்கையும் சேர்த்துத் தனித்துவச் சாவியாக்கிவிட்டால் இரண்டாவது பதிவு விழாது.

---

பழைய_லெட்ஜர்

வராமலே போகும் தகவலை அந்தச் சாவி பிடிக்காது. அதற்குத்தான் ஸ்டேட்மென்ட். அன்றைய நாளில் தகவல் வழியாகப் பதிந்தவற்றின் கூட்டுத்தொகையும், ஸ்டேட்மென்டில் உங்கள் முன்பகுதியோடு வந்த வரவுகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டேட்மென்ட் MT940 ஆக இருந்தாலும் camt.053 ஆக இருந்தாலும் சரி, விர்ச்சுவல் எண் அதில் எந்தப் புலத்தில் வரும் என்று ஒரு மாதிரிக் கோப்பு வாங்கிப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். சில வங்கிகள் அதை நரேஷனுக்கு நடுவில் செருகிவிடுவார்கள். பிறகு அதை வெட்டி எடுப்பது உங்கள் தலைவலி.

---

வடகரை_வாசி

ஐரோப்பாவில் வேலை செய்கிறேன். இங்கே ஒரு புதுச் சிக்கல். யூரோ நாடுகளில் 2025 அக்டோபர் 9 முதல் பணம் அனுப்பும் முன் பெறுநர் பெயரும் IBAN-உம் பொருந்துகிறதா என்று வங்கி சரிபார்த்துச் சொல்ல வேண்டும். விர்ச்சுவல் IBAN-க்கு எந்தப் பெயர் பதிவாகியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும். நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக வாடிக்கையாளரின் பெயர் பதிவாகியிருந்தால், பில்லில் உள்ள நிறுவனப் பெயரைத் தட்டுகிறவருக்குப் "பொருந்தவில்லை" என்று வரும். கட்டாமல் நிறுத்திவிட்டு உங்களைக் கூப்பிடுவார்கள். அப்படிச் சரிபார்க்கும் நாட்டில் இருந்தால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஐரோப்பிய வங்கி ஆணையம் 2024-இல் விர்ச்சுவல் IBAN பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டது, இது ஒழுங்குமுறையாளர்கள் கண்ணில் படாத விஷயம் இல்லை.

---

தேன்மொழி_வரவு

இங்கே எனக்குப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அறுநூறு பேருக்கும் "இனிமேல் இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்பினால், மோசடிக்காரன் அனுப்புவது மாதிரியே இருக்காதா?

---

குமுதா_ஆர்

இருக்கும்! எங்க வாடிக்கையாளர்ல பாதிப் பேர் அப்படித்தான் நினைச்சாங்க. நினைச்சது நல்லதுதான், நினைக்காதவங்கதான் பயமுறுத்துறாங்க.

---

பழைய_லெட்ஜர்

மின்னஞ்சலில் எண்ணை அனுப்பவே அனுப்பாதீர்கள். கையெழுத்திட்ட கடிதமாகப் போகட்டும், அதிலேயே "எங்களிடம் நீங்கள் ஏற்கனவே பேசும் எண்ணுக்கு அழைத்து உறுதி செய்துகொண்டு மாற்றுங்கள்" என்று எழுதுங்கள். புதிய தொலைபேசி எண் எதையும் கடிதத்தில் போடாதீர்கள். பிறகு ஒவ்வொரு பில்லிலும் அவரவர் எண் அச்சாகட்டும். பில்லில் அச்சாகும் எண் வாடிக்கையாளர் பதிவிலிருந்து நேராக வர வேண்டும். யாராவது பழைய பில்லை நகல் எடுத்துத் திருத்தினால் ஒருவர் எண் இன்னொருவர் பில்லில் போய்விடும், அதைச் சரிபார்ப்பு இலக்கத்தால் பிடிக்கவே முடியாது, ஏனென்றால் எண் செல்லுபடியானது.

பழைய கணக்கை மூடாதீர்கள். நீண்ட நாளைக்கு அதிலும் பணம் வந்துகொண்டே இருக்கும். புது வாடிக்கையாளர்களிடம் முதலில் தொடங்குங்கள், பிறகு அதிகப் பணப் பரிமாற்றம் உள்ளவர்கள். வருடத்துக்கு இரண்டு பில் வாங்குகிறவரைத் துரத்த வேண்டாம்.

---

மலையமான்

ஒரு விஷயம் யாருமே சொல்லல. முன்பகுதி வங்கியோடது. நாளைக்கு வங்கியை மாத்தணும்னா அறுநூறு எண்ணும் மாறும். இந்தக் கடிதம், போன் கால், எல்லாம் மறுபடியும். எங்க நிதி அதிகாரி இதனாலேயே வட்டி விஷயத்துல வங்கிகிட்ட கறாரா பேச முடியலன்னு புலம்புறாரு.

---

பழைய_லெட்ஜர்

ஒப்புக்கொள்கிறேன். வாடிக்கையாளர் கோடு, சரிபார்ப்பு இலக்கம் இருக்கும் பின்பகுதியை வங்கி எதுவானாலும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் உங்கள் பக்கத்து மென்பொருளில் வேலை குறையும். வாடிக்கையாளர்கள் மாற்ற வேண்டியது குறையாது. இரண்டு வங்கிகளில் ஒரே நேரத்தில் வைத்து வாடிக்கையாளர்களைப் பிரித்துக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பேரம் பேச வசதி, ஆனால் சரிபார்ப்பு வேலை இரட்டிப்பு.

---

தேன்மொழி_வரவு

எல்லாருக்கும் நன்றி. பில்லுக்கு ஒரு எண் என்பதை மேலாளரிடம் பேசி நிறுத்திவிட்டேன், சப்ளையர் பதிவு விஷயத்தைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். செலுத்துபவருக்கு ஒரு எண், பட்டியல் முறை, தொகைச் சரிபார்ப்பு வேண்டாம் என்று வங்கிக்கு எழுதியிருக்கிறேன். மாதிரி ஸ்டேட்மென்ட் கோப்பும் கேட்டிருக்கிறேன். பில்லைத் தகராறு என்று குறிக்க எங்கள் மென்பொருளில் இடம் இருக்கிறது, ஆனால் விற்பனைப் பிரிவு அதைத் தொடுவதே இல்லை. அவர்களைக் குறிக்க வைப்பதுதான் இதில் எனக்குக் கஷ்டமான வேலையாக இருக்கப்போகிறது.

ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. எங்கள் வாடிக்கையாளர்கள் சிலர் பில் தொகையைத் தங்கள் நிதி நிறுவனம் மூலமாகக் கட்டுகிறார்கள். ஒரே நிதி நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்காகச் சேர்த்து ஒரே தொகையாக அனுப்பும். அதற்கு எண் யாருக்குக் கொடுப்பது?

---

நிரல்கோடன்

நிதி நிறுவனத்துக்கே ஒரு எண், அதன் பின்னால் அந்த வாடிக்கையாளர்கள் எல்லாருடைய பில்களும். குமுதா அவர்களுக்குச் சொன்ன அதே வழிதானே?

---

பழைய_லெட்ஜர்

பில் குவியல் அப்போது நூற்றுக்கணக்கில் போகும் கோடன், சேர்க்கை தேடுவது அங்கே உதவாது. அந்த நிதி நிறுவனம் ஒவ்வொரு முறையும் விவரக் கோப்பு தருமா என்று தேன்மொழி முதலில் கேட்டுச் சொல்லட்டும்.